கடலைமிட்டாயில் பூசணம் பூத்த கதை

போன சித்திரையில் செமஸ்டர் லீவுக்குக் கோவில்பட்டி போயிருந்தபோது மாமா ஒரு வேலை கொடுத்தார். மாமா கடலைமிட்டாய் போடுகிறவர். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கப்புறம் வெளியூரிலிருந்து போன் போட்டுக் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள் என்பது மாமாவின் கணக்கு. "ஒரு வெப்சைட்டு போட்டுக் குடு மருமவனே, படம் நல்லா பளிச்சுன்னு இருக்கணும்" என்றார். நண்பனிடம் கேமரா இரவல் வாங்கி, காலை வெயில் ஜன்னல் வழியாக விழும் நேரத்தில் படம் எடுத்து, GIMP-இல் போட்டுக் கூராக்கி ஏற்றிவிட்டேன்.

நாலாம் நாள் மாமா போன் பண்ணினார். "மெட்ராஸ்ல ஒரு கடைக்காரரு படத்தப் பாத்துட்டு, என்ன அண்ணாச்சி மிட்டாயில பூசணம் பூத்த மாதிரி இருக்கு, பழைய சரக்கான்னு கேக்காரு. நீ என்னடே பண்ணுன?"

படத்தைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். ஒவ்வொரு பருப்பைச் சுற்றியும் வெள்ளையாக ஒரு கோடு. மேலே தூவிய கலர் தேங்காய்த் துருவல் ரோஸும் பச்சையும் போய் வெளுத்துக் கிடந்தது. முந்தின நாள் போட்ட மிட்டாய்க்குப் பூசணத்தை நான்தான் பூசியிருந்தேன். Unsharp Mask என்ற கருவியில் Radius, Amount, Threshold என்று மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றிலும் எண்ணைக் கூட்டினால் படம் கூராகும் என்று நினைத்துக்கொண்டு இழுத்த இழுப்பு அது.

முதலில் பெயர். கூராக்கும் கருவிக்கு "கூரில்லாத முகமூடி" என்று பெயர் வைத்தது யார் என்று எனக்கும் எரிச்சல் வந்தது. இது இருட்டறைக் காலத்துப் பெயர். நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலாக ஒரு பாசிட்டிவ் பிரதி எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அச்சுப் போடுவார்கள். மங்கல் பிரதிதான் அந்த முகமூடி. 1970-களில் டேவிட் மாலின் என்பவர் ஆங்கிலோ-ஆஸ்திரேலிய வானாய்வகத்தின் கண்ணாடித் தகடுகளில் இந்த முறையைக் கையாண்டு, பால்வெளிகளுக்குள் புதைந்திருந்த நுணுக்கங்களை வெளியே கொண்டுவந்தார். கம்ப்யூட்டரும் அதையேதான் செய்கிறது. படத்தை மங்கலாக்கி, அசலிலிருந்து அந்த மங்கலைக் கழித்து, வரும் வித்தியாசத்தை அசலோடு கூட்டுகிறது.

கணக்காகப் போட்டால் புரிந்துவிடும். வெல்லப்பாகு கொஞ்சம் இருட்டு, 80 என்று வையுங்கள். பருப்பு வெளிச்சம், 180. ஓரத்தைத் தாண்டும் ஒரு வரிசை பிக்சல்கள்:

80, 80, 80, 180, 180, 180

ஒவ்வொரு பிக்சலையும் அக்கம்பக்கத்து இரண்டோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் (நிஜத்தில் கொஞ்சம் வேறு மாதிரி மங்கலாக்குவார்கள், நமக்கு இது போதும்):

80, 80, 113, 147, 180, 180

அசலில் இதைக் கழித்தால் ஓரத்தின் இருட்டுப் பக்கம் -33, வெளிச்சப் பக்கம் +33, மற்ற இடமெல்லாம் பூஜ்யம். இதை அப்படியே அசலோடு கூட்டினால்:

80, 80, 47, 213, 180, 180

பாகு ஓரம் இன்னும் இருட்டாகிவிட்டது, பருப்பு ஓரம் இன்னும் வெளுத்துவிட்டது. புதிதாக எந்த விவரமும் வரவில்லை. ஓரத்தில் ஏற்ற இறக்கம் கூடியதால் கண் அதைக் கூர் என்று எடுத்துக்கொள்கிறது. மார்கழியில் வெள்ளைக் கோலத்தைச் சுற்றிக் காவி இட்டதும் கோலமாவு இன்னும் வெள்ளையாகத் தெரியுமே, அதே ஏமாற்றுத்தான்.

Amount என்பது அந்த 33-ஐ எத்தனை மடங்காகக் கூட்டுவது என்பது. ஃபோட்டோஷாப்பில் 100%, GIMP-இல் 1. பாதியாக வைத்தால் பருப்பு ஓரம் 197-இல் நிற்கும். இரண்டாக வைத்தால் 247. மூன்று வைத்தால் 280 வரவேண்டும், ஆனால் 255-க்கு மேல் எண் கிடையாது, அதனால் சுத்த வெள்ளை. நான் வைத்தது 2. பூசணத்துக்குப் பாதிக் காரணம் இது.

மீதிக் காரணம் ரேடியஸ். மேலே ஒரு பக்கத்துக்கு ஒரு பிக்சல் மட்டும் சேர்த்துச் சராசரி எடுத்தோம். இரண்டிரண்டு பிக்சலாக எடுத்தால் ஓரத்தில் வித்தியாசம் 40 ஆகிறது, அதற்கடுத்த பிக்சலிலும் 20 வருகிறது. அதாவது கோடு அகலமாகிறது, கூடவே உயரமும் ஏறுகிறது. ரேடியஸைக் கூட்டும்போது அமவுண்டைத் தொடாமலே அமவுண்ட் கூடின மாதிரி ஆகிவிடும். நான் வைத்த ரேடியஸ் 4. என் 800 பிக்சல் படத்தில் ஒரு பருப்பின் அகலம் சுமார் 40 பிக்சல். அதன் இரண்டு ஓரத்திலும் நாலைந்து பிக்சல் வெள்ளைப் பட்டை. தேங்காய்த் துருவல் கதை இன்னும் மோசம். அதன் மொத்த அகலமே மூன்று பிக்சல்தான். அதற்கு ஓரம் என்று தனியாக ஒன்று கிடையாது, முழுதுமே ஓரம். அதனால்தான் முழுதுமாக வெளுத்தது. படத்தில் இருக்கிற மிக மெல்லிய பொருளைப் பார்த்து, அதன் அகலத்தில் பாதிக்கும் குறைவாக ரேடியஸ் வைப்பது என்பது நான் அப்புறம் வைத்துக்கொண்ட வழக்கம். இணையப் படத்துக்கு இது பெரும்பாலும் 0.5-க்கும் 0.8-க்கும் நடுவில் வந்து நிற்கிறது.

4 என்ற எண்ணுக்கு நான் எப்படிப் போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் விழும் குழி அது. கேமராப் படம் 6000 பிக்சல் அகலம். முதலில் அந்தப் பெரிய படத்திலேயே ரேடியஸ் 1 வைத்துக் கூராக்கினேன். அப்புறம் 800-க்குச் சுருக்கினேன். ஏழரை மடங்கு சுருக்கம். ஒரு பிக்சல் கோடு கால் பிக்சல் கூட மிஞ்சவில்லை. படம் மொந்தையாகத்தான் இருந்தது. "ரேடியஸ் 1 பத்தாது போல" என்று முடிவு கட்டி, அடுத்த தடவை சுருக்கிய படத்திலேயே 4 வைத்தேன். வரிசை மாறினதுதான் தப்பு. முதலில் வலைப்பக்கத்தில் தெரியப்போகும் அளவுக்குச் சுருக்க வேண்டும், அதன் பிறகுதான் கூராக்க வேண்டும், கடைசியாக JPEG-ஆகச் சேமிக்க வேண்டும். ஏற்கெனவே JPEG-ஆக நசுக்கிய படத்தைக் கூராக்கினால், அதன் எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களும் சேர்ந்து எழுந்து நிற்கும்.

மூன்றாவது எண்ணான த்ரெஷோல்டை எனக்குப் புரியவைத்தது மிட்டாய் இல்லை, கரிசல் மண். பக்கத்தின் தலையில் போட, ஊருக்கு வெளியே வெடித்துக் கிடந்த கரிசல் காடு ஒன்றை எடுத்திருந்தேன். கீழே வெடிப்பும் கட்டியுமாக மண், மேலே மேகமில்லாத நீல வானம். கூராக்கியதும் மண் அழகாக வந்தது, வானத்தில் மட்டும் மணலை வாரி இறைத்த மாதிரி பொரிப்பொரியாக எழும்பியது. வானத்தில் ஏது விவரம்? அது கேமராவின் இரைச்சல். அங்கே பிக்சலுக்குப் பிக்சல் ஒன்றிரண்டு அளவு வித்தியாசம் இருக்கிறது, கருவி அதையும் ஓரம் என்று நினைத்துத் தூக்கிவிடுகிறது. "வித்தியாசம் இவ்வளவுக்குக் கீழே இருந்தால் தொடாதே" என்று சொல்வதுதான் த்ரெஷோல்ட். ஃபோட்டோஷாப் கணக்கில் 3 வைத்தால் வானம் அடங்கிவிடும்.

சரி, அதையும் கூட்டினால் இன்னும் சுத்தமாகுமே என்று 10 வைத்துப் பார்த்தேன். வெடிப்புகள் கத்தியால் கீறியது போல் நின்றன, ஆனால் நடுவில் இருந்த மண் சாணம் மெழுகிய தரை மாதிரி ஆகிவிட்டது. சின்னச் சின்ன மண்கட்டிகளுக்குள் வித்தியாசமே ஐந்தாறுதான். அதுவும் இரைச்சலோடு சேர்ந்து ஒதுக்கப்பட்டுவிட்டது. இரைச்சலுக்கும் விவரத்துக்கும் நடுவில் இடைவெளி இருக்கும்வரைதான் த்ரெஷோல்ட் உதவும். ராத்திரி டியூப்லைட்டில் மொபைலில் எடுத்த படத்தில் அந்த இடைவெளி இருக்காது. அங்கே வானத்தையோ சுவரையோ லேயர் மாஸ்க் போட்டு மறைத்துவிட்டு, மற்றதைக் கூராக்குவதுதான் வழி. நன்றாகச் சுருக்கிய படத்தில் இரைச்சல் பாதி அங்கேயே கரைந்துவிடுவதால் 0 முதல் 3 வரை போதும். GIMP-இன் இப்போதைய பதிப்புகளில் இந்த எண் 0 முதல் 1 வரை தசமத்தில் இருக்கிறது. 0.01 மாதிரி ஒரு சின்ன எண்ணில் ஆரம்பித்து, முன்னோட்டத்தைப் பார்த்துக்கொண்டே நகர்த்துங்கள்.

அதே படத்தில், கறுப்பு மண்ணும் நீல வானமும் சேரும் கோட்டில் ஒரு வெள்ளை விளிம்பு மட்டும் போகமாட்டேன் என்றது. வானம் சுத்த வெள்ளையாக இருந்திருந்தால் தெரிந்திருக்காது, மேலே போக இடமில்லை. நீலத்தில் பளிச்சென்று தெரிந்தது. இதற்கும் மிட்டாய்க்கும் ஒரே மருந்து வேலை செய்தது. கண்ணை உறுத்துவது வெளிச்சப் பக்கக் கோடுதான், இருட்டுப் பக்கக் கோட்டை நாம் நிழல் என்று நினைத்துப் பேசாமல் விட்டுவிடுகிறோம். அதனால் சுருக்கிய படத்தின்மேல் கூராக்கிய பிரதி இரண்டு வைத்தேன். ஒன்றின் லேயர் முறை Darken only, முழுசாக. இன்னொன்று Lighten only, ஒளிபுகாமை 40. நம் கணக்கில் பாகு ஓரம் அதே 47-க்கு இறங்கும், பருப்பு ஓரம் 213-க்குப் பதில் 193-இல் நிற்கும். கூர் இருக்கும், வெள்ளை இருக்காது.

மிட்டாய்ப் படத்தைத் திரும்ப முதலிலிருந்து செய்தேன். 800-க்குச் சுருக்கி, ரேடியஸ் 0.6, அமவுண்ட் 1, த்ரெஷோல்ட் 0.01, மேலே சொன்ன இரண்டு லேயர். பார்க்கும்போது 1 என்ற கீயை அழுத்தி நூறு சதவீதத்தில் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாமே அசிங்கமாகத் தெரியும், சுருக்கிப் பார்த்தால் எல்லாமே நன்றாகத் தெரியும், இரண்டையும் நம்பக் கூடாது. அப்புறம் மொபைலிலும் பார்த்தேன். மொபைல் திரைக்காக 1600 அகலத்தில் ஒரு பிரதி தனியாகக் கூராக்கி வைத்திருக்கிறேன், 800-ஐ அங்கே இழுத்துப் பெரிதாக்கினால் செய்த வேலை மழுங்கிவிடுகிறது.

புதுப் படத்தை மாமாவுக்கு அனுப்பினேன். அவர் பருப்பையும் பார்க்கவில்லை, ஓரத்தையும் பார்க்கவில்லை. "இப்பதாம்டே பாகோட கலர் தெரியுது. அந்த மெட்ராஸ்காரருக்கு நீயே அனுப்பிரு" என்றார். அனுப்பினேன். "புதுசா போட்டதா?" என்று பதில் வந்தது. அதே தட்டு, அதே படம் என்று நான் சொல்லவில்லை.