சோலார் தவணையும் மின்கட்டணச் சேமிப்பும்: ஆறாம் ஆண்டுக் கணக்கு



மாடியில் சோலார் போடுவதற்கு வங்கிக் கடன் வாங்கலாமா என்று ஜமாஅத்தார் சிலர் அண்மைக்காலமாக என்னிடம் வினவுகின்றனர். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய ‘பிரதம மந்திரி சூர்ய கர்’ திட்டமே இக்கேள்விக்குக் காரணம். இதே கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்தது. அப்போது நாங்கள் போட்டுப் பார்த்த கணக்கையும் அதனடியாக எடுத்த முடிவையும் இங்கே எழுதுகிறேன்.

எட்டயபுரத்தில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் நாங்களும் மேல்தளத்தில் தம்பியின் குடும்பமும் வசிக்கிறோம். மின்இணைப்பு ஒன்றே. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை வரும் பில்களில் கோடையை ஒட்டிய மூன்றில் 700 யூனிட் அளவும், மற்ற மூன்றில் 500 யூனிட் அளவும் ஓடியிருக்கும். 2024 ஜூலைக்குப் பிந்தைய விகிதப்படி 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 700 யூனிட்டுக்கு 3,825 ரூபாய். இருநூறு யூனிட் கூடுவதற்குக் கட்டணம் இருமடங்காவது ஏனென்றால், நம் மாநிலத்தில் மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. அவ்விகிதப்படி முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் நிற்பவருக்கு அடுத்த நூறு யூனிட் 2.35 ரூபாய் வீதமும், 201 முதல் 400 வரை 4.70 ரூபாய் வீதமும், அதற்கு மேல் 6.30 ரூபாய் வீதமும் ஆகும். 500ஐத் தாண்டிவிட்டால் 2.35 என்ற சலுகை வீதம் போய்விடும். அந்த நூறு யூனிட்டும் 4.70 ரூபாய் ஆகிவிடும். கூடுதல் யூனிட்டுகளோ 8.40, 9.45 என்று ஏறிச் செல்லும்.

சோலார் கணக்கின் உயிர்நாடி இப்படிகளிலேயே இருக்கிறது. சோலார் முதலில் குறைப்பது மேல்படியில் உள்ள விலை மிகுந்த யூனிட்டுகளை. கீழே இறங்க இறங்க அது மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டின் மதிப்பும் குறைகிறது. கடைசி நூறு யூனிட்டை மிச்சப்படுத்தினால் பயன் ஏதுமில்லை; அவை ஏற்கெனவே இலவசம்.

ஒரு கிலோவாட் பேனல் நம் வெயிலில் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். எனவே இரண்டு கிலோவாட் அமைப்பு இரண்டு மாதத்தில் 480 யூனிட் அளவு தரும். எங்கள் கோடை பில்லில் 700இல் 480 போக மீதம் 220 யூனிட். அதற்குக் கட்டணம் 329 ரூபாய். அதாவது 3,496 ரூபாய் மிச்சம். மற்றப் பருவத்தில் 500இல் 480 போய்விட்டால் கட்டணமே இல்லை. 1,805 ரூபாய் மிச்சம். மழைக்காலத்தில் உற்பத்தி 400ஆகக் குறைந்தாலும் மீதமாகும் நூறு யூனிட் இலவசத்திற்குள் அடங்கிவிடும். ஆறு பில்களையும் கூட்டினால் ஆண்டுக்கு 15,900 ரூபாய் சேமிப்பு. தூசிக்கும் மேகத்திற்கும் கழித்து 15,000 என்று வைத்துக்கொண்டோம். பில் ஒன்றுக்குச் சராசரி 2,500 ரூபாய்.

எங்களுக்கு விலை சொன்ன நிறுவனத்தார் மூன்று கிலோவாட் போடும்படி வற்புறுத்தினர். இரண்டு கிலோவாட்டுக்கு 1,40,000 ரூபாய். மூன்றாவதற்கு மேலும் 50,000 ரூபாய். அரசு மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய்; மூன்றாவதற்கு 18,000 மட்டுமே. ஆக மூன்றாவது கிலோவாட்டுக்குக் கையிலிருந்து போவது 32,000 ரூபாய். அது மிச்சப்படுத்துவதோ கோடை பில்களில் எஞ்சும் அந்த 329 ரூபாயைத்தான். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்கூட வராது. முப்பதாண்டுகளுக்கு மேல் காத்திருந்தால்தான் போட்ட பணம் திரும்பும். பேனலுக்கு வழக்கமாகத் தரப்படும் உத்தரவாதமோ இருபத்தைந்து ஆண்டுகள். ஆகவே இரண்டோடு நிறுத்தினோம்.

அடுத்து, பணத்திற்கு வழி. இத்திட்டத்தில் மூன்று கிலோவாட் வரை ஈடில்லாக் கடன் கிடைக்கிறது. திட்டம் அறிவிக்கப்பட்டபோது வட்டி ஏறத்தாழ 7 சதவீதம். விலையில் பத்தில் ஒரு பங்காகிய 14,000 ரூபாயை நாம் செலுத்தி, மீதம் 1,26,000 கடனாகப் பெற்று, பின்னர் வரும் 60,000 மானியத்தைக் கடனில் கட்டினால் 66,000 ரூபாய் நிற்கும். பத்தாண்டுத் தவணை மாதம் 766 ரூபாய். இரண்டு மாதத்திற்கு 1,532 ரூபாய். சேமிப்பு 2,500 ரூபாய். “அண்ணே, தவணையைவிடச் சேமிப்பு அதிகம். நம் கையிலிருந்து எதுவும் போகவில்லையே!” என்றான் தம்பி.

தவணையையும் சேமிப்பையும் மட்டும் அருகருகே வைத்தால் அப்படித்தான் தோன்றும். முழுக்கணக்கு வேறு. 120 தவணைகளில் செலுத்துவது ஏறத்தாழ 92,000 ரூபாய்; அதில் வட்டி மட்டும் 26,000. எங்கள் சேமிப்பில் இருபது மாதங்களுக்கு மேலானது வட்டிக்கே போய்விடும். இலாபமாக இருப்பதால் வட்டி ஆகுமானதாகிவிடாது என்பது ஒருபுறமிருக்க, நிர்ப்பந்தம் என்ற வாதமும் இங்கே பொருந்தாது. மின்வாரிய இணைப்பு வீட்டில் இருக்கிறது, விளக்கு எரிகிறது. சோலார் செலவைக் குறைக்கும் வழியே தவிர, அது இல்லாவிட்டால் வாழ்வு நின்றுவிடும் என்ற நிலை இல்லை. அரசு மானியமோ திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை. அதைப் பெறுவதில் தடையில்லை.

எங்களிடம் சேமிப்பாக 40,000 ரூபாய் இருந்தது. மீதம் ஒரு இலட்சத்தை என் மச்சான் அழகிய கடனாகத் தந்தார். சூரா பகராவின் 282ஆம் வசனம் பணித்தவாறு தொகையையும் தவணையையும் எழுதி, சாட்சிகளிடம் கையொப்பம் பெற்றோம். மானியம் வங்கிக் கணக்கில் வந்ததும் 60,000 அவருக்குத் திரும்பியது. மீதம் 40,000 ரூபாயை மின்கட்டணம் செலுத்தும் நாளிலேயே 2,500 வீதம் செலுத்துகிறோம். முன்பு மின்வாரியத்திற்குப் போன பணமே இப்போது அவருக்குப் போகிறது. பதினாறு பில்களில், அதாவது இரண்டு ஆண்டு எட்டு மாதங்களில், கடன் தீரும். அடுத்த பதினாறு பில்களில் எங்கள் சொந்தப் பணம் 40,000 திரும்பும். ஆக ஐந்து ஆண்டு நான்கு மாதங்கள். ஆறாம் ஆண்டின் நடுவே முதல் முழுவதும் மீளும். வங்கிக் கடனாயின் இதே நிலை எட்டாம் ஆண்டில்தான் வரும். இன்வெர்ட்டர் பத்தாண்டு வாக்கில் மாற்ற நேரலாம் என்பதால் இந்த இடைவெளி சிறிதல்ல.

கடன் தர உறவினர் இல்லாதவர் விற்பவரிடமே தவணைக்கு வாங்கலாம். ரொக்க விலையைவிடத் தவணை விலை கூடுதலாக இருப்பதைப் பெரும்பான்மை இமாம்கள் அனுமதித்துள்ளனர். ஆனால் ஒப்பந்த வேளையில் ஒரே விலை முடிவாகிவிட வேண்டும். தவணை தாமதமானால் தொகை ஏறும் என்ற நிபந்தனை இருக்கக்கூடாது. அப்படி ஏறினால் அது வியாபாரமாகாது, வட்டியாகும்.

இக்கணக்கு நிலைக்க வேண்டுமானால் பேனல் சொன்னபடி மின்சாரம் தர வேண்டும். தெளிந்த வெயில் நாளில் மாலையில் இன்வெர்ட்டர் திரையைப் பாருங்கள். இரண்டு கிலோவாட்டுக்கு எட்டு யூனிட் அளவு காட்டினால் நலம். ஆறாகக் குறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நம் கரிசல் தூசியை. பேனல் சூடேறுமுன் அதிகாலையில் கழுவினால் எண் மீண்டும் ஏறும். கழுவியும் ஏறாவிட்டால் தண்ணீர்த் தொட்டியின் நிழலையோ வளர்ந்துவிட்ட தென்னையையோ பாருங்கள். பேனல்கள் சங்கிலிபோல் இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்றின்மேல் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் குறைக்கும்.

400 யூனிட்டுக்குள் செலவிடும் வீட்டாருக்கு இரண்டு கிலோவாட்டும் மிகுதி. அதே விகிதப்படி 400 யூனிட்டுக்கு அவர்களது பில் 1,175 ரூபாய். ஒரு கிலோவாட் அமைப்பே அதை 141 ரூபாயாக்கிவிடும். விலை கேட்கப் போகுமுன் கடந்த ஓராண்டின் ஆறு பில்களையும் எடுத்துவைத்துக் கூட்டிப் பாருங்கள். எத்தனை கிலோவாட், எத்தனை ஆண்டு என்பதை அவையே சொல்லும்.

அல்லாஹ் மிக அறிந்தவன்.