லுவா, தெக்ரே, அரெத்தே

பேத்தி சட்டக் கல்லூரியில் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை நோட்டும் கையுமாக வந்து உட்கார்ந்தாள். "தாத்தா, சட்டம், சட்டத்தின் கீழ் போடுகிற விதி, அரசாணை மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? புத்தகத்தைப் படித்தால் மூன்றும் ஒன்று மாதிரியே இருக்கு. நீங்க முப்பது வருஷத்துக்கு மேல இதே காகிதத்தோடதானே இருந்தீங்க?" என்றாள்.

இருந்தது உண்மைதான். ஆனால் நான் இதை முதலில் கற்றது பிரெஞ்சு மொழியில். எங்கள் பள்ளிக்கூடத்தில் 'லுவா' என்றால் நாடாளுமன்றம் போட்ட சட்டம், 'தெக்ரே' என்றால் மேலே அரசாங்கம் போட்டது, 'அரெத்தே' என்றால் கவர்னரோ மேயரோ போட்டது என்று சொல்லிக் கொடுத்தார்கள். யார் கையெழுத்து என்பதை வைத்து அடையாளம் கண்டுவிடலாம். பாரீசில் போட்ட சட்டமானாலும், இங்கே கவர்னர் ஒரு அரெத்தே போட்டு அறிவித்தால்தான் புதுச்சேரியில் செல்லும் என்பதும் அந்தக் காலத்து வழக்கம்.

1972-இல் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தபோது இந்தப் பாடம் என்னைக் கொஞ்சம் ஏமாற்றியது. இங்கே காகிதத்தின் பெயரை வைத்து எதையும் சொல்ல முடியாது. 'அரசாணை' என்று தலைப்புப் போட்டு வருவதற்குள்ளே விதி இருக்கும். 'அறிவிக்கை' என்று கெசட்டில் வருவதற்குள்ளே வெறும் நிர்வாக உத்தரவு இருக்கும். எங்கள் பிரிவுக் கண்காணிப்பாளர் ஒரு வழி சொன்னார்: "தம்பி, தலைப்பைப் பார்க்காதே, முதல் வரியைப் பார். இன்ன சட்டத்தின் இன்ன பிரிவு வழங்கிய அதிகாரத்தைக் கொண்டு என்று ஆரம்பித்தால் அது விதி. சட்டமன்றம் தன் அதிகாரத்தில் கொஞ்சம் கடன் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி எந்த வரியும் இல்லாமல், அரசு இவ்வாறு ஆணையிடுகிறது என்று மட்டும் இருந்தால், அது அரசு தன் வீட்டு நிர்வாகத்துக்குப் போட்டது."

பேத்திக்கு இதைச் சொல்லிவிட்டு, கடன் கொடுப்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதற்கு நம் ஊர்க் கதையையே சொன்னேன். அவள் பாடத்திலும் அது இருக்கிறதாம். புதுச்சேரி என்று பெயரைப் பார்த்தும் நம் ஊர் வழக்கு என்று அவளுக்குத் தோன்றவில்லை!

1963-இல் நாடாளுமன்றம் போட்ட யூனியன் பிரதேசங்கள் சட்டத்தால் நமக்கு ஒரு பேரவை கிடைத்தது. அந்தப் பேரவை விற்பனை வரிக்கு ஒரு சட்டம் செய்தது. முழுதாக எழுதவில்லை. பக்கத்து மதராஸ் மாநிலத்தின் 1959-ஆம் ஆண்டு விற்பனை வரிச் சட்டத்தையே எடுத்துக்கொண்டது. அடுத்த வீட்டில் அரைத்த மாவை வாங்கித் தோசை சுடுவது மாதிரி. அதில் தவறில்லை, பல சட்டமன்றங்கள் செய்வதுதான். கோளாறு ஒரு சின்னச் சொற்றொடரில் இருந்தது. இந்தச் சட்டம் அமலுக்கு வருவதற்குச் சற்று முன்பு மதராஸ் சட்டம் எப்படி இருக்கிறதோ அப்படியே இங்கே பொருந்தும் என்று எழுதினார்கள். அமலுக்கு வரும் தேதியை அரசு அறிவிக்கை மூலம் குறிக்கும் என்றும் எழுதினார்கள்.

1965 ஜூன் 30-இல் சட்டம் கெசட்டில் வந்தது. அரசு 1966 மார்ச் 1-இல் அறிவிக்கை போட்டு, ஏப்ரல் 1 முதல் அமல் என்றது. இடையில் இருந்த மாதங்களில் மதராஸ் சட்டமன்றம் தன் சட்டத்தைத் திருத்திவிட்டது. ஆகவே ஏப்ரல் 1-இல் நமக்கு வந்து சேர்ந்தது, நம் பேரவை உறுப்பினர்கள் கை தூக்கியபோது இருந்த சட்டமல்ல. அவர்கள் கண்ணால் பார்க்காத திருத்தங்களோடு கூடிய வேறொன்று.

பதிவு செய்துகொள் என்று நோட்டீஸ் வந்த சாமராவ் என்ற வியாபாரி உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே பேரவை ஒரு திருத்தச் சட்டம் போட்டு, முதலிலிருந்தே சரியாக இருந்ததாக ஆக்கப் பார்த்தது. 1967 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகளில் மூவர், பேரவை தன் கடமையை இன்னொரு சட்டமன்றத்திடம் முழுவதுமாக ஒப்படைத்துவிட்டது, அதனால் சட்டமே செல்லாது என்றார்கள். பிறக்கும்போதே உயிரில்லாத குழந்தைக்குப் பின்னால் வந்த திருத்தம் உயிர் கொடுக்க முடியாது என்பது அவர்கள் முடிவு. இருவர் மாறுபட்டார்கள். பேரவை பிறகு 1967-இலேயே புதிதாக ஒரு விற்பனை வரிச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

"அப்போ அந்த மார்ச் 1 அறிவிக்கையில என்ன தப்பு தாத்தா?" என்றாள். நல்ல கேள்வி. அறிவிக்கையில் ஒரு தப்பும் இல்லை. சட்டம் கொடுத்த அதிகாரப்படிதான் தேதி குறித்தார்கள். ஆனால் தாய்ச் சட்டம் விழுந்தால் அதன் பலத்தில் நின்ற அறிவிக்கையும் விழும். 1965 ஜூன் 30-இல் உள்ளபடி என்று ஒரு தேதியை நம் பேரவை எழுதியிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது என்பது என் எண்ணம். எதை ஏற்கிறோம் என்று தெரிந்து ஏற்றதாக இருந்திருக்கும்.

மூன்றாவதான நிர்வாக ஆணைக்கு வந்தபோது எனக்குத் தொண்டை கொஞ்சம் அடைத்தது. எழுபதுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு பியூன் இருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர், என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு எழுத்தராகப் பதவி உயர்வு வரவேண்டும். பணி விதிகள் அரசியலமைப்பின் 309-ஆவது பிரிவின் கீழ் போடப்பட்டவை. படிப்பும் ஐந்து வருட சேவையும் இருந்தால் போதும் என்றன. இரண்டும் அவரிடம் இருந்தன. ஆனால் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது: துறைத் தேர்வு ஒன்றிலும் தேறியிருக்க வேண்டும் என்று. பட்டியல் தயாரித்தவன் நான். சுற்றறிக்கையைக் காட்டி அவர் பெயரை நீக்கிக் குறிப்பு எழுதினேன்.

விதி பேசாமல் விட்ட இடத்தை நிர்வாக ஆணை நிரப்பலாம். 1967-இலேயே ராஜஸ்தான் காவல் அதிகாரி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. ஆனால் விதி பேசிய இடத்தில் ஆணை புகுந்து மாற்ற முடியாது என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. தகுதியானவர்கள் பலர் இருந்தால் எந்த வரிசையில் எடுப்பது என்று சுற்றறிக்கை சொல்லியிருந்தால் சரி. தகுதி இன்னது என்று விதி எழுதி முடித்த பிறகு, அதன் மேல் இன்னொரு தகுதியை ஏற்றினால், அது நிரப்புதல் ஆகாது. வேண்டுமானால் விதியையே திருத்தி கெசட்டில் போட வேண்டும்.

கண்காணிப்பாளர் சொன்ன முதல் வரிச் சூத்திரம் எனக்குத் தெரிந்தே இருந்தது. அந்தச் சுற்றறிக்கையின் முதல் வரியில் எந்தப் பிரிவும் இல்லை என்பதையும் பார்த்தேன். மேலதிகாரி கையெழுத்து இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன். மூன்று வருடம் கழித்து வேறொருவர் மனுப் போட்டதில் சுற்றறிக்கையை வாபஸ் வாங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே இவர் பியூனாகவே ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

"அவர் கோர்ட்டுக்குப் போயிருந்தா ஜெயிச்சிருப்பாரா?" என்றாள் பேத்தி.

ஜெயித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது விதிக்கு மாறானது என்று அவரிடம் சொல்ல யாரும் இல்லை. சொல்லக்கூடிய ஒருவன் அடுத்த மேசையில் உட்கார்ந்து அவர் கொண்டு வந்து வைத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தான்.