படத்தில் ஆளை எடுப்பது

தமிழில் 'எடுப்பது' என்ற சொல் கொஞ்சம் வேடிக்கையானது. படம் பிடிப்பதும் எடுப்பதுதான். பிடித்த படத்திலிருந்து ஒரு ஆளை நீக்குவதும் எடுப்பதுதான். பாளையங்கோட்டையில் ஸ்டூடியோவில் டச்சிங் வேலை பார்த்தபோதும் சரி, பின்னால் கலர் லேபில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபோதும் சரி, இந்த இரண்டாவது எடுப்பைக் கேட்டு வந்தவர்கள் ஏராளம். ஓய்வு பெற்ற பிறகும் அது விடவில்லை. சொந்தக்காரர்கள் லீவுக்கு வந்து குற்றாலம், பாபநாசம், மணிமுத்தாறு என்று சுற்றுவார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். கீழே ஒரே வரி: "ஆளுகள எடுத்துருங்க."

கேட்பவர்கள் நினைப்பது, திண்ணையில் உட்கார்ந்திருப்பவரை எழுந்து போகச் சொன்னால் பின்னால் சுவர் தெரியுமே, அது போல என்று. படத்தில் அப்படி இல்லை. ஆளுக்குப் பின்னால் இருந்ததைக் கேமரா பார்க்கவே இல்லை. ஆளை அழித்தால் அந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கும். அந்த ஓட்டையில் எதையாவது வைத்தாக வேண்டும். எனவே இது எடுக்கிற வேலை இல்லை, வைக்கிற வேலை.

பழைய நெகட்டிவில் இது வெளிப்படையாகவே தெரியும். நெகட்டிவில் கருப்பு, பிரிண்டில் வெள்ளையாக வரும். ஒரு ஆளை மறைக்க வேண்டுமானால் அவர் மேல் ஒளி புகாத மை பூசுவோம். பிரிண்டில் அந்த இடம் வெளுத்துப் போகும். பிளேடால் மெல்லச் சுரண்டினால் அந்த இடம் பிரிண்டில் கறுத்து வரும். பின்னால் வெள்ளைத் திரையோ இருட்டோ இருந்தால் தப்பித்தோம். மரமோ படியோ இருந்தால் பிரஷ் எடுத்து வரைய வேண்டியதுதான்.

வைப்பதற்கான பொருள் மூன்று இடங்களிலிருந்து வரலாம். அதே படத்தின் வேறொரு மூலையிலிருந்து வரலாம். அதே இடத்தில் எடுத்த இன்னொரு படத்திலிருந்து வரலாம். இரண்டும் இல்லையென்றால் கற்பனையிலிருந்துதான் வர வேண்டும். எனக்கு வந்த ஒரு படத்தில் இந்த மூன்றுமே தேவைப்பட்டன. அதை விவரமாகச் சொல்கிறேன்.

அது என் அக்காவின் படம். சென்னையிலிருந்து மகளோடும் பேரனோடும் வந்திருந்தபோது பாபநாசம் கோயில் படித்துறையில் எடுத்தது. அக்காவும் அத்தானும் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீரில் பொரிக்காக மீன் கூட்டம். அக்கா மீனைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஐந்து மாதம் கழித்து அக்கா போய்விட்டாள். அவள் சிரித்தபடி இருக்கும் படம் அது ஒன்றுதான். மருமகள் அனுப்பி எழுதியிருந்தாள்: "மாமா, ஆளுங்கள எல்லாம் எடுத்துருங்க. பெரிசாப் போட்டு மாட்டணும்."

எல்லாரையும் எடுத்தால் அக்காவும் அல்லவா போய்விடுவாள்! போன் போட்டு, "எந்த ஆளுகளட்டி எடுக்கணும்?" என்று கேட்டேன். "அம்மாவும் அப்பாவும் போதும் மாமா. ஆத்துல கிடக்கிற துணியையும் எடுத்துருங்க" என்றாள். பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப் போகிற துணிகள். படத்தில் அவற்றை எடுக்க ஐந்து நிமிடம்தான் ஆகும். ஆற்றில் எடுக்கிறவர்களுக்குத்தான் பாடு.

முதலில் மூலப்படத்தைத் திரும்ப அனுப்பச் சொன்னேன். அவளுடைய போன் கேமரா எடுத்தது 4000க்கு 3000 புள்ளிகள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியதில் அது நீளவாக்கில் 1600 புள்ளிகளாகச் சுருங்கியிருந்தது. அவள் கேட்டது 18 அங்குல பிரேம். 1600 புள்ளிகளை 18 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 89 புள்ளிதான் விழும், முகம் குழம்பிவிடும். மூலப்படம் என்றால் 222 விழும், அது போதும். Document என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் படம் சுருங்காமல் வரும்.

இனி வேலை. ஆற்றின் நடுவில் குளித்துக்கொண்டிருந்த மூன்று பேர் சுலபம். போட்டோஷாப்பில் 2010 முதல் Content-Aware என்று ஒரு வசதி உண்டு. நாம் வளைத்த இடத்தின் ஓரங்களைப் பார்த்து, அதே படத்தில் அதற்கு ஒத்துப்போகும் துண்டுகளைத் தேடி எடுத்து நிரப்பும். தண்ணீர், வானம், மணல் போன்றவற்றுக்கு இது நன்றாக வேலை செய்யும். ஓடுகிற தண்ணீரில் எந்த அலை எங்கே இருந்தது என்று யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை. ஆனால் ஆளை மட்டும் வளைத்தால் போதாது. அவருடைய நிழலுரு தண்ணீரில் தலைகீழாகக் கிடக்கும். அவரைச் சுற்றி வட்டவட்டமாக அலை இருக்கும். அவற்றையும் சேர்த்து வளைக்க வேண்டும். இல்லையென்றால் ஆளே இல்லாத இடத்தில் ஆற்றில் ஒரு தலை மட்டும் மிதக்கும்.

படியில் நின்ற நான்கு பேர் இரண்டு நாள் சாயங்காலத்தைத் தின்றுவிட்டார்கள். கல்படிக்குக் கோடு உண்டு. ஒரு படியின் விளிம்பு அவர்களுடைய காலுக்குப் பின்னால் மறைந்து அந்தப் பக்கம் வெளியே வருகிறது; நடுவில் நாம் போடுகிற துண்டு இரண்டு முனையோடும் சேர வேண்டும். மயிரிழை விலகினாலும் படி ஒடிந்தது போல இருக்கும். கிட்டே இருக்கிற படி பெரியது, தள்ளி இருக்கிற படி சிறியது. ஆகவே கிட்டத்துக் கல்லை எடுத்து அங்கே வைக்கும்போது அளவைக் குறைக்க வேண்டும். ஒரே கல்லைத் திரும்பத் திரும்ப வைத்தாலும் மாட்டிக்கொள்வோம். ஒரே வெடிப்பு, ஒரே கறை மூன்று இடத்தில் இருந்தால் அது கைவைத்த படம் என்று கண்டுகொள்ளலாம். அந்த நால்வரில் ஒருவருடைய நிழல் அத்தானின் வேட்டியில் விழுந்திருந்தது. ஆளை எடுத்த பிறகும் நிழல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. வேட்டியின் மடிப்பு கெடாமல் அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்க வைத்தேன்.

அடுத்தது கை. அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குனிந்து குடத்தில் தண்ணீர் மொள்கிறாள். அவளுடைய தோளும் குடமும் அக்காவின் இடது முன்கையை முழுக்க மறைத்திருந்தன. அவளை எடுத்தால் அங்கே ஒரு கை வேண்டும். இப்போது வந்திருக்கும் புது வசதிகள் தாமாகவே வரைந்து கொடுக்கின்றன. போட்டுப் பார்த்தேன். வளையலோடு, ஐந்து நேர்விரலோடு லட்சணமான ஒரு கை வந்தது. ஆனால் அக்காவின் இடது சுண்டுவிரல் வளைந்தது. சிறு வயதில் கிணற்று உருளையில் மாட்டிக்கொண்டது. வந்தது யாரோ ஒருத்தியின் கை. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, வீட்டில் மாட்டிவைத்துத் தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

அதனால் மருமகளிடம் கேட்டேன்: "அதே நேரத்துல வேற படம் எதுவும் எடுத்தீங்களா?" பேரன் தன் போனில் அடுத்தடுத்து மூன்று எடுத்திருந்தான். ஒன்றில் அந்தப் பெண் குடத்தோடு நிமிர்ந்துவிட்டாள். அக்காவின் கை மடியில் தெரிகிறது, சுண்டுவிரல் வளைந்தபடியே. ஆனால் அதில் அக்கா முகத்தை அத்தான் பக்கம் திருப்பியிருந்தாள். எனவே கையை மட்டும் அங்கிருந்து எடுத்தேன். படிக்கல்லின் ஒரு மூலை, சேலைக் கரையின் ஒரு முனை, இரண்டையும் அடையாளமாக வைத்து ஒரு படத்தின் மேல் இன்னொன்றைப் பொருத்தி, சேலை மடிப்பின் ஓரமாகவே தையல் போட்டது போல இணைத்தேன். சில நொடி இடைவெளிதான் என்பதால் வெளிச்சம் மாறவில்லை. முழங்கைக்குக் கீழே கட்டைவிரல் அளவு இடம் மட்டும் இரண்டு படத்திலும் இல்லை. அதைப் பக்கத்துச் சேலையை வைத்து நிரப்பினேன். மருமகளிடமும் அதைச் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒருவரை என்னால் எடுக்க முடியவில்லை. அக்காவின் தலைக்குப் பின்னால் கறுப்புச் சட்டையோடு ஒருவர் நின்றார். அக்கா குளித்துவிட்டு ஈரத் தலையை விரித்துப் போட்டிருந்தாள். அந்த நரைத்த முடி ஒவ்வொன்றும் கறுப்புச் சட்டையின் மேல் தனித்தனியாகத் தெரிகிறது. சட்டையை எடுக்கப்போனால் முடியும் கூடவே வரும்; முடியை விட்டு வெட்டினால் தலையைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு நிற்கும். முடியைப் புதிதாக வரைந்தால் விக் வைத்தது போல ஆகிவிடும். அவருடைய முகத்தை மட்டும் பின்னாலிருந்த மரநிழலில் கரைத்துவிட்டு, சட்டையை இருட்டாக அப்படியே விட்டேன். "இருக்கட்டும் மாமா, அம்மா முடி அப்படியே இருக்குல்லா" என்றாள் மருமகள்.

இவ்வளவு பாடு படாமல் இருக்கவும் ஒரு வழி உண்டு. அது மிகப் பழையது. 1838இல் தாகேர் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் ஒரு பெரிய வீதியைப் படம் பிடித்தார். வண்டியும் ஆளுமாக இருக்கும் வீதி. ஆனால் படம் பதியவே பல நிமிடம் ஆகும் காலம் அது. நடந்தவர்கள், வண்டிகள் எதுவும் பதியவில்லை. பூட்ஸுக்குப் பாலிஷ் போட ஒரே இடத்தில் நின்ற ஒருவர்தான் தெளிவாகப் பதிந்தார். அசைந்தவர்கள் மறைந்தார்கள், நின்றவர் நின்றார்.

இதையே இப்போது இப்படிச் செய்யலாம். உங்கள் ஆட்களைப் படம் எடுத்து முடித்ததும் போனை அசைக்காமல் அதே இடத்தில் வையுங்கள். அவர்களை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, கால் நிமிடத்துக்கு ஒன்றாக ஒன்பது படம் எடுங்கள். படியில் ஒரு புள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255 என்று கணக்கு. ஏழு படத்தில் அந்தக் கல்லின் அளவு 120. இரண்டு படத்தில் யாரோ ஒருவரின் வேட்டி குறுக்கே வந்ததால் 230. ஒன்பதையும் சராசரி போட்டால் 144 வரும்; கல்லின் மேல் வேட்டி பேய் போல வெளிறித் தெரியும். வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 120. வேட்டி போன இடமே தெரியாது. போட்டோஷாப்பில் இதற்கு Median என்று பெயர். ஒவ்வொரு புள்ளியும் கேமரா உண்மையிலேயே பார்த்தது. கற்பனை எதுவும் இல்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து துணி துவைக்கிறவர் மட்டும் பாலிஷ் போட்டவரைப் போலப் படத்திலேயே இருப்பார். ஆடி அமாவாசையில் இது பலிக்காது. படி கண்ணில் பட்டால்தானே!

ஆகவே படம் அனுப்புகிறவர்களுக்கு மூன்று விஷயம் சொல்லிக்கொள்கிறேன். மூலப்படத்தை அனுப்புங்கள். அதே நேரத்தில் எடுத்த மற்ற படங்கள் ஆடியிருந்தாலும், கண் மூடியிருந்தாலும் அழிக்காமல் சேர்த்து அனுப்புங்கள். எந்த ஆளை எடுக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். திருத்திய பிறகும் திருத்தாத படத்தைத் தனியாக வைத்திருங்கள். அக்காவின் படத்தில் குடத்தோடு குனிந்த அந்தப் பெண்ணும், படியில் நின்ற நால்வரும் மருமகளின் போனில் இன்னும் அப்படியே இருக்கிறார்கள்.