ஒரு பக்கப் பையோடேட்டாவுக்கு முன்னால்

2023 ஜூனில் எங்கள் கோயம்புத்தூர் டீமுக்கு ஒரு பேக்எண்ட் ஆள் தேடினோம். கன்சல்டன்சியிலிருந்து வந்த மெயில்களில் ஒன்றில், இணைத்திருந்த ரெஸ்யூமின் கடைசி வரியில் முகவரி: குண்டனி நாடு, கொல்லிமலை. என் ஊர். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகும் ஊர். ஆனால் மெயிலின் மேலே ரெக்ரூட்டர் எழுதியிருந்த ப்ரொஃபைலில் 'தற்போதைய இடம்: சேலம்' என்று இருந்தது.

வெளியாட்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ரெஸ்யூமை எழுதுவது வேலை தேடுகிறவர். அதற்கு மேலே, மேனேஜருக்காக ஏஜென்சி எழுதும் பத்துப் பன்னிரண்டு வரிதான் ப்ரொஃபைல். மொத்த அனுபவம், தற்போதைய சம்பளம், எதிர்பார்ப்பு, நோட்டீஸ் பீரியட், மாறக் காரணம், அப்புறம் 'இவர் ஏன் பொருத்தம்' என்று ஒரு பத்தி. நாங்கள் முதலில் படிப்பது அதைத்தான். பல நேரம் அதோடு முடிவும் எடுத்துவிடுகிறோம். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ, அவர் பெரும்பாலும் அதைப் பார்ப்பதே இல்லை.

அந்தப் பத்தி எனக்கு ரொம்பப் பழக்கமான பத்தியாக இருந்தது. ஜாவா, ஸ்பிரிங்பூட், காஃப்கா, போஸ்ட்கிரெஸ் — நான் எழுதிய வேலை விளம்பரத்தின் அதே வரிசை. 'ஸ்பிரிங் பூட்' என்பதை அவசரத்தில் ஒரே சொல்லாக அடித்திருந்தேன். அந்தப் பிழையும் அப்படியே வந்திருந்தது. அதாவது என்னையே எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். கீழே இன்னொன்று: '2022 ஏப்ரல் முதல் ஃப்ரீலான்ஸ் கன்சல்டன்ட்'. ரெஸ்யூமில் அந்தப் பதினான்கு மாதத்துக்கு எதுவுமே இல்லை. தற்போதைய சம்பளம் என்ற இடத்தில் பழைய கம்பெனியின் தொகை. ஃப்ரீலான்சருக்கு ஏது மாதச் சம்பளம்?

வீடியோ காலில் கேட்டேன். "ஃப்ரீலான்ஸ்ல என்ன ப்ராஜெக்ட் பண்ணீங்க?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அண்ணா, நான் அப்படிச் சொல்லவே இல்லை. அப்பா மிளகு பறிக்கிறப்போ ஏணியிலேர்ந்து விழுந்துட்டார். இடுப்பு எலும்பு. வேலைய விட்டுட்டு வந்து தோட்டத்தப் பாத்துக்கிட்டேன்."

எங்கள் பக்கம் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தில்தான் ஏறும். உச்சிவரை ஏணி போட்டுத்தான் பறிக்க வேண்டும். அவர் சொன்னதை நம்ப எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. ஆனால் என் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் அந்தக் கால் அங்கேயே முடிந்திருக்கும். முடியாமல் ஆஃபர் வரை போயிருந்தால் இன்னும் மோசம். பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரியைப் பார்ப்பார்கள். எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி சேர்ந்தார், எப்போது விலகினார் என்று அதில் இருக்கும். ஃப்ரீலான்ஸ் என்றால் இன்வாய்ஸ் கேட்பார்கள், வங்கிக் கணக்கைக் கேட்பார்கள். ஒன்றும் இருக்காது. பொய் சொன்னவர் என்று பதிவாவது அந்தத் தம்பியின் பெயரில்தான்.

ரெக்ரூட்டரைக் கூப்பிட்டேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன். அந்தப் பெண் நிதானமாகச் சொன்னார்: "சார், கேப் இருக்குன்னு எழுதினா நீங்க ஓப்பன் பண்ணவே மாட்டீங்க. போன மாசம் அப்படி மூணு பேரை அனுப்பினேன். நீங்கதான் ரிஜெக்ட் பண்ணீங்க." மெயிலைத் தேடிப் பார்த்தேன். உண்மைதான். ஆள் சேர்ந்தால்தான் ஏஜென்சிக்குக் காசு, வழக்கமாக ஒரு மாதச் சம்பளம் அளவுக்கு. நாங்கள் திறக்காத ப்ரொஃபைலை அவர் ஏன் எழுதப் போகிறார்?

இரண்டு பேரும் போனிலேயே மாற்றி எழுதினோம். இடம்: குண்டனி நாடு, கொல்லிமலை, கோவைக்கு மாறத் தயார். இடைவெளி: 14 மாதம், தந்தையின் விபத்து, குடும்பத் தோட்டம், இப்போது அண்ணன் பார்த்துக்கொள்கிறார். ஜாவாவில் நாலு வருடம், பில்லிங் சர்வீஸ் ஒன்றைத் தனியாகப் பராமரித்தவர். காஃப்கா: எட்டு மாதம், மெசேஜ்களை வாங்கும் பக்கம் மட்டும், கிளஸ்டர் நிர்வகித்ததில்லை. முன்பு அந்த இடத்தில் 'மூன்று வருடம்' என்று இருந்தது. சம்பளம்: கடைசியாக வாங்கியது, 2022 மார்ச் நிலவரம். அனுப்புவதற்கு முன் தம்பிக்கு ஒரு பிரதி போக வேண்டும் என்றேன். ரெக்ரூட்டர், "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்" என்றார்.

பிரதியைப் படித்துவிட்டு அவர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பிப்ரவரியில் மிளகு பறிப்புக்குப் பத்து நாள் லீவு வேண்டும், அதை இப்போதே சொல்லிவிடணும் என்று. ரெக்ரூட்டருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் பயம்தான், ஒப்புதல் தர வேண்டியவர் என் டைரக்டர். இரண்டாவது ரவுண்டு முடிந்து ப்ரொஃபைலை அவரிடம் கொண்டு போனேன். அந்த வரியில் நின்றார். "பிப்ரவரியில ரிலீஸ் இருக்கா?" என்று கேட்டார். மார்ச்சில் என்றேன்.

ஜூலையில் ஆஃபர் போனது.