கல் நடாத துயரம்

நாஞ்சில் நாட்டுச் சாலையோரச் சுமைதாங்கிகளுள் பல, கர்ப்பிணியாய் இறந்த பெண்களின் நினைவாக நட்டவை. கருவிலேயே கலைந்ததற்குக் கல் நடுவதில்லை.

எட்டாம் வாரத்தில் என் மனைவிக்கு உதிரப்போக்கு, ஸ்கேனில் துடிப்பில்லை. "குடம் தூக்கினாயோ?" என்று உறவினர் கேட்டபோதுதான் அவள் உடைந்து அழுதாள். தொடக்கத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி குரோமோசோம் பிறழ்ந்தவை. குடத்துக்கு அதில் பங்கில்லை. ஒருமுறை கலைந்தால் பொதுவாகச் சோதனை தேவையில்லை என்றார் மருத்துவர்.

இரண்டாவதும் கலைந்தபின் தைராய்டு, கருப்பை அமைப்பு, இரத்தத்தை உறையவைக்கும் எதிர்ப்பொருள் ஆகியவற்றைச் சோதித்தனர். எதிர்ப்பொருள் இருந்தது. ஆனால் தொற்றுநோயாலும் அது தற்காலிகமாகத் தோன்றலாம் என்பதால், 12 வாரம் கழித்து மீண்டும் பார்த்தனர்; இல்லை. காரணம் அகப்படாமலே சோதனைகள் முடிந்தன.

"அப்படியானால் நான் ஒன்றும் செய்யவில்லை" என்றாள், மெல்ல.