சமையலறைப் பிளக் ஏன் சுடுகிறது?

2022 ஆம் ஆண்டில் எரிவாயுவுக்காக விடியற்காலையில் வெற்றுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றதை நாங்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த வரிசைகளில் களைத்துப் போனவர்களில் பலர் பிறகு மின்சார அடுப்புக்கு மாறினார்கள். விறகு பொறுக்கக் காட்டுப்பக்கம் போகப் பயந்த பெண்களும் மாறினார்கள். இன்று நான் போய்வரும் வன்னிக் கிராமங்களில் இன்டக்சன் அடுப்பு, றைஸ் குக்கர், மின் கேத்தல் என்ற மூன்றில் ஒன்றாவது இல்லாத வீட்டைக் காண்பது அரிது. வெளிநாட்டில் இருக்கும் சகோதரம் அனுப்பியதாக இருக்கும், அல்லது சீட்டுக் காசில் வாங்கியதாக இருக்கும்.

பொருள் புதிது. அது செருகப்படும் சுவர் பழையது. நான் சமூகவியல் படித்த காலத்தில் நிரப்பிய கணக்கெடுப்புப் படிவங்களில் "மின்சாரம்: உண்டு / இல்லை" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அந்த மின்சாரம் எந்த வயரில் சமையலறைக்கு வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. அதை எனக்குக் கற்றுத் தந்தது கிளிநொச்சிப் பக்கத்தில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு அக்காவின் வீடு.

அவர் தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர். போருக்குப் பின் கிடைத்த வீட்டுத்திட்ட வீடு. அதன் பின்பக்கம் தகரம் போட்டு இறக்கிய பத்தியில் சமையல். காலை நான்கு மணிக்கு எழும்பி, கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து மாக் குழைப்பார். அதே நேரத்தில் இன்டக்சன் அடுப்பில் இடியப்பம் அவிந்துகொண்டிருக்கும். வாழ்வாதார உதவி பற்றிப் பேசப் போன என்னிடம் அவர் வேறொரு குறை சொன்னார்.

"தங்கச்சி, விடிய விடிய இந்தக் குசினிக்குள்ள ஒரு கருவாட்டு மணம். எலி செத்துக் கிடக்கோ எண்டு கூரை எல்லாம் தேடிப் பாத்திட்டன். ஒண்டும் இல்லை."

கேத்தலைப் போட்டால் குசினி லைற் மங்குகிறது என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். இந்த இரண்டையும் எங்கள் பெண்கள் குழுவுக்கு வந்து விளக்கம் தரும் வயர்மன் அண்ணையிடம் அன்று மாலையே சொன்னேன். "பிளக்கைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கோ. நாளைக்கு வாறன்" என்றார். சூடேறிய சில வகைப் பிளக்குகளின் பிளாஸ்ரிக்கில் இருந்து மீன் போன்ற ஒரு மணம் வருமாம். எரிந்த வாசம் வருவதற்கு முன்பே அது வந்துவிடும். கருவாடு இல்லாத இடத்தில் கருவாட்டு மணம் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது பிளக்கைத்தான்.

மறுநாள் அவர் மெயின் சுவிச்சை அணைத்துவிட்டு, சுவரில் இருந்த பிளக் பொயின்ற்றைக் கழற்றினார். முகப்பு 13 அம்பியர் சதுர முனைக்கு உரியது, பார்க்கப் புதியது. உள்ளே ஒரு வயரின் உறை கறுத்து, தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்த வயரைப் பிடிக்கும் திருகாணி இளகியிருந்தது. பத்தி இறக்கியபோது பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் குசினி லைற்றுக்குப் போகும் மெல்லிய வயரில் இருந்து கிளை எடுத்து இதைப் பூட்டியிருக்கிறான். முகப்பில் 13 என்று எழுதியிருந்தாலும் பின்னால் இருந்தது மின்குமிழுக்கான வயர்தான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. எந்தப் பொருளின் அடியிலும் வாற்ஸ் அளவு ஒட்டியிருக்கும். அதை 230 ஆல் பிரித்தால் அது இழுக்கும் அம்பியர் வரும். அக்காவின் இன்டக்சன் அடுப்பு 2000 வாற்ஸ், அதாவது ஏறத்தாழ 8.7 அம்பியர். கேத்தல் 1500 வாற்ஸ், 6.5 அம்பியர். இரண்டும் ஒரே மல்ரி பிளக்கில் சேர்ந்து வேலை செய்யும்போது 15.2 அம்பியர். நல்ல 13 அம்பியர் பொயின்ற்றுக்கே இது அதிகம். லைற் வயருக்கு எப்படி இருந்திருக்கும்?

"அப்ப ஏன் சுவிச் விழேல்லை?" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. முன்பு விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. லைற்றுக்கான 6 அம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுந்து தொல்லை தருகிறது என்று, அதே பையன் அதைக் கழற்றிவிட்டு 20 அம்பியர் ஒன்றைப் போட்டிருக்கிறான். அதற்குப் பிறகு விழவில்லை. நோயைச் சொன்ன வாயை அடைத்தது போலத்தான். எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால் சுமையைக் குறைக்க வேண்டும், அல்லது வயரை மாற்ற வேண்டும். பெரிய எம்.சி.பி. போட யாராவது முன்வந்தால் சம்மதிக்காதீர்கள்.

ட்ரிப் சுவிச் இருக்கிறதுதானே என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். அது செய்யும் வேலை வேறு. மின்சாரம் ஒழுகினால், உதாரணமாக ஒருவருடைய உடம்பு வழியாக நிலத்துக்குப் போனால், உடனே துண்டித்து உயிரைக் காப்பது அது. வயர் அளவுக்கு மேல் சுமந்தாலோ பிளக் உருகினாலோ அதற்குத் தெரியாது.

எம்.சி.பி.க்கும் தெரியாத ஒன்று உண்டு. அதுதான் இளகிய இணைப்பு. நூறு பேர் அகலமான ஒழுங்கையால் வந்து ஒடுங்கிய படலையில் நெரிபடுவதுபோல, மின்சாரம் சரியாகத் தொடாத இடத்தில் நெருக்குப்பட்டுச் சூட்டைக் கிளப்பும். தொடும் இடத்தில் அரை ஓம் தடை இருந்தாலே போதும், இந்த அடுப்பு வேலை செய்யும்போது அந்தப் புள்ளியில் 38 வாற்ஸ் அளவு சூடு பிறக்கும். றேடியோ திருத்துபவர் ஈயம் உருக்கப் பாவிக்கும் கோலின் சூடு அது. வயரில் ஓடும் அம்பியர் கூடவில்லை என்பதால் எம்.சி.பி. சும்மா இருக்கும். அதனால் இந்தச் சூட்டைக் கண்டுபிடிக்க எங்கள் கண்ணும் மூக்கும் கையும்தான் உதவி.

வயர்மன் அண்ணை காட்டித்தந்த முறையை நான் இப்போது போகும் வீடுகளில் எல்லாம் செய்து காட்டுகிறேன். முதலில் பார்வை. பிளக் துளையைச் சுற்றி மஞ்சளோ கபிலமோ படிந்திருக்கிறதா, பிளக்கின் முகம் நெளிந்திருக்கிறதா, முனை கறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுப்பு வேலை செய்யும்போது பொயின்ற்றில் இருந்து சுள், சுள் என்றோ இரைச்சலாகவோ சத்தம் வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் கையை வைக்காமல், மெயின் சுவிச்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். புகை வந்தாலும் அப்படியே. தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஒன்றும் இல்லையென்றால், கால் மணித்தியாலம் சமைத்த பிறகு சுவர்ச் சுவிச்சை அணைத்து, உலர்ந்த கையால் பிளக்கின் உடலைப் பிடித்துக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். புறங்கையைப் பிளக்கில் வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு சாதாரணம். பிளக்குக்குள் ஃபியூஸ் இருக்கும் பக்கம் சற்றுக் கூடச் சுடுவதும் வழமை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்தப் பொயின்ற்றை இனிப் பாவிக்க வேண்டாம். பிளக்கை மட்டும் புதிதாக மாற்றினால், சுவருக்குள் இளகியிருக்கும் இணைப்பு புதிய பிளக்கையும் எரித்துவிடும்.

இன்னொரு பழக்கத்தைக் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் காண்கிறேன். வட்ட முனை இரண்டு உள்ள பிளக்கைச் சதுரத் துளைக்குள் செருக, மேல் துளையைப் பேனையாலோ ஈர்க்காலோ குத்தித் திறப்பது. வட்ட முனை அந்தத் துளைக்குள் முழுதாகப் பொருந்தாமல் ஓர் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். கைத்தொலைபேசி சார்ஜருக்கு அது பெரிதாகத் தெரியாது. 2000 வாற்ஸ் அடுப்புக்கு அதுவே அந்த ஒடுங்கிய படலை. புவித்தொடுப்பும் இல்லாமல் போகிறது. அடுப்பு இரண்டு முனைப் பிளக்கோடு வந்தால், வயர்மனைக் கொண்டு ஃபியூஸ் உள்ள 13 அம்பியர் பிளக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

பொருள்களுக்கும் தங்கள் தங்கள் குணம் உண்டு. இன்டக்சன் அடுப்பின் அடியில் காற்றாடி இருக்கிறது. நிலத்தில் இருந்து சமைக்கும் நாங்கள் அழுக்குப் படாமல் இருக்கட்டும் என்று கீழே துணியோ கடதாசியோ விரித்துவிடுகிறோம். அது காற்று வழியை அடைத்து அடுப்பைச் சுட வைக்கும். வெறும் தரையில் அல்லது பலகையில், சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும். சமைத்து முடிந்ததும் காற்றாடி நிற்கும்வரை சுவர்ச் சுவிச்சை அணைக்காதீர்கள். கேத்தல் தானாக நிற்பது நீராவி பட்டுத்தான். மூடியைத் திறந்து விட்டால் நிற்காமல் கொதித்து வற்றும். றைஸ் குக்கரில் உள்பானையின் அடி ஈரத்தைத் துடைத்துவிட்டு வையுங்கள். அடியில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலும் சூட்டை உணரும் வில்லை சரியாகத் தொடாமல், சோறு அடிப்பிடித்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.

அக்காவின் வீட்டுக்குத் திரும்புகிறேன். சுடுவது அவருக்கு முன்பே தெரிந்துதான் இருந்தது. ஆண் துணை இல்லாத வீட்டுக்குள் வயர்மனைக் கூப்பிட்டால் அயல் என்ன சொல்லும் என்றுதான் இரண்டு மாதம் தள்ளிப்போட்டிருக்கிறார். இதைப் பல பெண்களிடம் கேட்டிருக்கிறேன். ஆகவே இப்போது எங்கள் குழுவில் ஒரு ஏற்பாடு: ஒரே நாளில் நாலைந்து வீடுகளுக்கு வயர்மனை அழைப்பது, ஒவ்வொரு வீட்டிலும் குழுப் பெண்கள் இருவர் கூட நிற்பது. கூலியும் பகிர்ந்து குறைகிறது.

அன்று வயர்மன் அண்ணை மெயின் பெட்டியில் இருந்து குசினிக்குத் தனியாக 7/0.67 வயர் இழுத்தார். கூடவே புவி வயரும் போட்டு, அதற்கென்று 16 அம்பியர் எம்.சி.பி. வைத்து, இரண்டு பொயின்ற் பூட்டினார். மல்ரி பிளக் குப்பைக்குப் போனது. லைற்றுக்குப் பழையபடி 6 அம்பியர். அடுப்பும் கேத்தலும் சேர்ந்தால் 15.2 என்பதால் புதிய வயர் தாங்கும், ஆனால் றைஸ் குக்கரின் 3 அம்பியரும் சேர்ந்தால் 16ஐத் தாண்டிவிடும் என்று சொன்னார். அக்கா வேறு வழி கண்டார். நான்கு மணிக்கு முதலில் கேத்தல், அந்தத் தண்ணீர் சுடுதண்ணிப் போத்தலுக்குள், பிறகுதான் அடுப்பு. சோறு இடியப்பம் முடிந்த பிறகு.

கூலியை எடுத்து நீட்டப் போன அக்காவை நான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். அடுப்பில் ஒரு தட்டு இடியப்பம் வைத்து அரை மணித்தியாலம் ஓட விட்டோம். பிறகு சுவிச்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றி அக்கா புறங்கையை வைத்துப் பார்த்தார், அவருடைய மூத்த மகளும் வைத்துப் பார்த்தாள். இளஞ்சூடுதான். அதற்குப் பிறகு காசு கைமாறியது.