அழுக்கு எங்கே போச்சு சார்?

நந்தனத்தில் எங்கள் காலை நடைக் குழுவில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். நான் திருப்பூரில் சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் பல வருடம் இருந்தவன் என்று தெரிந்ததும் ஒரு கேள்வி கேட்டார். "தண்ணியைச் சுத்தம் பண்ணிட்டீங்க, சரி. அந்த அழுக்கு எங்கே போச்சு சார்?" நடையில் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

திருப்பூரின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. சில வருடங்களிலேயே அது சாயக் கழிவுநீர் தேங்கும் குளமாகிவிட்டது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடக் கூடாது என்ற நிலைக்கு 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு வந்தது. அப்படியும் சரியாகாததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உத்தரவானது. பத்திரிகைகள் எல்லாம் தண்ணீரைப் பற்றியே எழுதின. தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த கசடைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

கசடு என்றால் துணியிலிருந்து கழுவிய சாயம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதில் பெரும்பகுதி நாங்களே போட்டது. நிறம் போக வேண்டும் என்பதற்காகக் கழிவுநீரில் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் கரைத்து ஊற்றுவோம். அவை சாயத்தைப் பிடித்துக்கொண்டு திரிதிரியாகக் கீழே இறங்கும். திரி சீக்கிரம் படிய பாலிமர் என்ற ஒரு பொருளைக் கொஞ்சம் சேர்ப்போம். அடியில் படிவதுதான் கசடு. சுண்ணாம்பைக் கூட்டினால் கசடும் கூடும். பிறகு வந்த நிலையங்களில் நுண்ணுயிர்களை வைத்துச் சுத்தம் செய்யத் தொடங்கியதும் கசடு குறைந்ததற்குக் காரணம் இதுதான்.

தொட்டி அடியிலிருந்து எடுக்கும்போது கசடு பார்ப்பதற்குக் கெட்டியான மோர் போல இருக்கும். நூறு பங்கில் மூன்று பங்குதான் திடப்பொருள், மீதி தண்ணீர். அந்தத் தண்ணீரை வெளியேற்றுவதற்குத்தான் உலர் படுகை. நாங்கள் எல்லோரும் 'பெட்' என்றே சொல்லுவோம். சரிவான தளத்தில் ஓட்டைக் குழாய்களைப் பதித்து, அதன் மேல் பெரிய ஜல்லி, அதன் மேல் சிறிய ஜல்லி, அதற்கும் மேல் மணல் என்று அடுக்கிய ஆழமில்லாத தொட்டிதான் அது. மேலே ஒளி புகும் கூரை, காற்றுக்காகப் பக்கங்கள் திறப்பு. முதல் இரண்டு மூன்று நாள் தண்ணீர் மணல் வழியாக வடியும். வடியும் தண்ணீர் மழைநீர்க் கால்வாய்க்குப் போகக் கூடாது. சுத்திகரிப்பின் முதல் தொட்டிக்கே திரும்பிப் போக வேண்டும். அதன் பிறகு வெயிலும் காற்றும்தான் வேலை செய்யும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாளில் காய்ந்துவிடும். ஐப்பசியில் கூரை இருந்தும் ஒரு மாதம் இழுக்கும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலமுள்ள பெட்டில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கசடு விடுகிறோம். அது சுமார் 10 டன். அதில் திடப்பொருள் 300 கிலோதான். நூற்றுக்கு முப்பது திடமாகும்வரை காயவிட்டு அள்ளினால் 1 டன் வரும். நூற்றுக்கு அறுபதுவரை காயவிட்டால் 500 கிலோதான் வரும். சரக்கு அதே சரக்குதான். நடுவில் நிற்கும் 500 கிலோவும் வெறும் தண்ணீர். லாரி வாடகையும் சரி, பெற்றுக்கொள்ளும் இடத்தின் கட்டணமும் சரி, எடை பார்த்துத்தான். ஆகவே அவசரப்பட்டு அள்ளுகிறவர் தண்ணீருக்குக் கூலி கொடுத்து அனுப்புகிறார்.

அப்படியும் ஏன் அவசரப்படுகிறார்கள்? அடுத்த கசடு தொட்டியில் காத்திருக்கும். பெட் காலியாகாவிட்டால் தொட்டி நிரம்பும், தொட்டி நிரம்பினால் நிலையம் நிற்கும். பாதி காய்ந்ததின் மேலேயே புதுக் கசடை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அது இரண்டையும் கெடுக்கும். கீழே உள்ளது பிறகு காயவே காயாது.

காய்ந்ததா இல்லையா என்பதில்தான் ஏமாற்றம் அதிகம். மேலே ஏடு கட்டி, வயல்போல வெடித்து, பார்க்க மிக அழகாக இருக்கும். எங்கள் பெட்டில் வேலை பார்த்த வயதான மேஸ்திரி ஒருவர் அதை நம்பவே மாட்டார். "மேல பாத்து ஏமாந்துராதீங்க சார். வெட்டிப் பாத்தா உள்ள தயிராட்டம் இருக்குமுங்க" என்பார். மண்வெட்டியால் ஒரு கட்டியைப் பிளந்து நிறத்தைப் பார்ப்பார். இரும்பு போட்ட கசடு காற்றுப் பட்ட இடத்தில் துருப்பிடித்த செம்பழுப்பாக மாறும். காற்று புகாத உள்பக்கம் கரும்பச்சையாகவே நிற்கும். வெளியே செம்பழுப்பு, உள்ளே கரும்பச்சை என்றால் அது இன்னும் ஈரம். நான் ஆய்வகத்தில் மறுநாள் சொல்லப்போவதை அவர் அன்றே சொல்லிவிடுவார்.

ஆய்வகத்தில் செய்வதும் பெரிய வித்தை இல்லை. பெட்டில் நாலைந்து இடத்தில் மேலிருந்து அடிவரை வெட்டி எடுத்து ஒன்றாகக் கலந்து, அதில் 50 கிராம் நிறுத்து, 105 டிகிரி அடுப்பில் இரவு முழுக்க வைத்து, காலையில் திரும்ப நிறுப்போம். 22 கிராம் நின்றால் நூற்றுக்கு 44 திடம். மேல் ஏட்டை மட்டும் சுரண்டிக் கொடுத்தால் நல்ல எண் வரும். ஆனால் அது பெட்டின் எண் இல்லை.

பெட் அடைத்துக்கொள்வது இன்னொரு தொல்லை. மூன்றாம் நாளும் மேலே தண்ணீர் தேங்கி, வடிகுழாயில் சொட்டு நின்றிருந்தால் மணல் அடைத்துவிட்டது என்று பொருள். சுண்ணாம்பின் நுண்ணிய தூள் மணல் இடுக்கில் இறுகியிருக்கும், அல்லது பாலிமர் அதிகமாகி வழவழப்பாக மேலே படர்ந்திருக்கும். மேல் மணலைச் சுரண்டி எடுத்துப் புது மணல் போடாமல் அது சரியாகாது. சுரண்டிய மணலும் கசடோடு சேர்ந்ததுதான். கட்டட வேலைக்குக் கொடுக்கக் கூடாது.

காய்ந்த கசடு சுத்தமான கசடு என்று நினைத்துவிடாதீர்கள். சாயத்தைத் துணியில் ஏற்ற உப்பு நிறையப் போடுவார்கள். கசடில் இருந்த தண்ணீரும் உப்புத் தண்ணீர். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு அங்கேயே நிற்கும். கட்டியின் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பதைக் காணலாம். ஒரு மழை போதும், அத்தனையும் கரைந்து மண்ணுக்குள் இறங்கிவிடும். அனுப்ப அங்கீகாரம் பெற்ற இடமில்லாத நாட்களில் நிலையங்களில் கசடு மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடந்தது. சாக்கு வெயிலில் இற்றுப்போய் மழையில் கசியும். பக்கத்துக் கிணற்றுக்காரர் எதற்காகச் சண்டைக்கு வருகிறார் என்று புரிந்துகொள்ள ரசாயனம் படித்திருக்க வேண்டியதில்லை.

2016-ல் வந்த அபாயகரக் கழிவு விதிகளில் இந்தக் கசடு முதல் அட்டவணையில் 35.3 என்ற எண்ணில் இருக்கிறது. சாதாரணமாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் உள்ள இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். நம் மாநிலத்தில் அப்படிப்பட்ட பாதுகாக்கப்பட்ட நிரப்பு நிலம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது. களிமண்ணும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, உள்ளே ஊறும் நீரைக் குழாய் வைத்து எடுக்கும் பள்ளம் அது. திருப்பூரிலிருந்து கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர், சென்னையையும் தாண்டி வடக்கே.

அங்கே வாங்குவதற்கு முன் சோதிப்பார்கள். ஒரு சோதனை மிக எளிமையானது. 100 கிராம் கசடை ஒரு கூம்பு வடிகட்டியில் போட்டு ஐந்து நிமிடம் வைப்பார்கள். கீழே ஒரு சொட்டு விழுந்தாலும் அந்தக் கசடு அப்படியே நிலத்துக்குள் போக முடியாது. இன்னொன்றில் கசடைப் போல இருபது மடங்கு எடையுள்ள அமிலக் கரைசலில் போட்டுச் சுமார் 18 மணி நேரம் சுழற்றி, கரைந்து வரும் உலோகத்தை அளப்பார்கள். குரோமியம் என்றால் லிட்டருக்கு 5 மில்லிகிராம்தான் எல்லை. கசடில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பதைவிட, அதிலிருந்து எவ்வளவு வெளியே வரும் என்பதுதான் கேள்வி.

நான் அறிந்த ஒரு நிலையத்திலிருந்து ஒரு முறை போன லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏற்றும்போது கட்டியாகத்தான் இருந்தது. 500 கிலோமீட்டர் குலுங்கியதில் உள்ளே இருந்த ஈரம் வெளியே வந்து கூழாகிவிட்டது. தட்டினால் இளகும் ஈரமண் போலத்தான் இதுவும். அதற்குப் பிறகு ஏற்றுவதற்கு முன் ஒரு பிடியை டப்பாவில் போட்டு மேஜையில் நூறு தரம் தட்டிப் பார்ப்போம். மேலே பளபளவென்று நீர் மினுங்கினால் லாரி புறப்படாது.

இப்போது சிமெண்ட் ஆலைகளும் இத்தகைய கசடை வாங்கிச் சூளையில் சேர்க்கின்றன. சுண்ணாம்பும் இரும்பும் அவர்களுக்கு வேண்டிய பொருள்தான். ஆனால் சமையலுப்பில் உள்ள குளோரைடு அதிகமானால் சூளைக்குள் படிந்து வழியை அடைக்கும், அதனால் அளவு பார்த்தே சேர்ப்பார்கள். செங்கல் சூளைக்காரர் இனாமாக எடுத்துக்கொள்கிறேன் என்று வருவதும் உண்டு. வாரிய அனுமதி இல்லாமல் அப்படிக் கொடுத்தால் 35.3 எண்ணுள்ள பொருள் யாரோ ஒருவருடைய வீட்டுச் சுவரில் ஏறிவிடும்.

கசடு போகும் ஒவ்வொரு லாரியோடும் ஏழு நிறத்தில் ஏழு படிகள் கொண்ட ஒரு சீட்டு உண்டு. மஞ்சள் படி அனுப்பியவரிடம் நிற்கும். இளஞ்சிவப்பு பெற்றுக்கொண்டவரிடம். ஆரஞ்சு லாரிக்காரருக்கு. நீலப் படியைப் பெற்றுக்கொண்டவர் கையெழுத்திட்டு அனுப்பியவருக்கே திரும்ப அனுப்ப வேண்டும். நண்பர் கேட்ட கேள்விக்கு நேரான பதில் அந்த நீலத் தாள்தான். மஞ்சளில் உள்ள எடையும் நீலத்தில் உள்ள எடையும் ஒன்றாக இருந்தால் அழுக்கு போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது. எடை குறைந்தால் வழியில் எங்கோ ஒழுகியிருக்கிறது. நீலமே வரவில்லை என்றால் நொய்யல் கரையில் எந்தப் பள்ளம் புதிதாக மூடியிருக்கிறது என்று பார்க்கக் கிளம்ப வேண்டியதுதான்.